மைனஸ் என்றால் மிச்சமா? சென்னையின் மருத்துவப் பொருளாதார ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரைகளை இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாகச் சுருக்கி, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது என் வேலை. நீங்கள் எழுதுவதில் முதலில் தடுக்கி விழுகிறவன் நான்தான். எனக்குப் பின்னால் வருகிறவர்களும் அதே இடத்தில் விழுகிறார்கள். அப்படி ஒரு இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு கூட்டம். எந்த அலுவலகம், எந்தக் கட்டுரை என்பதெல்லாம் வேண்டாம். அடையாளம் தெரியக்கூடாது என்று நோயையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன், கணக்கின் வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே கீழே வரும் ரூபாயும் ஆட்கணக்கும் இந்த மடலுக்காக நான் அமைத்தவை. எந்த மாவட்டத்தின் புள்ளிவிவரமும் அல்ல.

விஷயம் இது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா வைத்து, சர்க்கரை நோயாளிகளை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு யோசனை. இப்போது பார்வை மங்கிய பிறகுதான் ஆட்கள் வருகிறார்கள். கட்டுரையின் சுருக்கத்தில் ஒரே வரியில் முடிவு இருந்தது. ஒரு குவாலிக்கு, அதாவது முழு நலத்தோடு வாழும் ஒரு வருடத்துக்கு, ரூ.1.2 லட்சம், 95% இடைவெளி −5.3–8.7 லட்சம், திட்டம் காஸ்ட் எஃபெக்டிவ். அதை அப்படியே தமிழாக்கி அச்செடுத்துக் கொண்டு போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கணக்குத் துறையிலிருந்து வந்தவர். பென்சிலால் அந்த வரியின் அடியில் கோடு போட்டார். "ஏங்க, அஞ்சே சொச்சத்துலேர்ந்து எட்டே முக்கால் வரைக்கும்னு போட்டிருக்கீங்க. மேல ஒண்ணே கால்னு இருக்கு. ஒண்ணே கால் எப்படி அஞ்சுக்கும் எட்டுக்கும் நடுவுல வரும்?" என்றார். நியாயமான கேள்வி. அங்கே இருந்தது இரண்டு சின்னக் கோடு. ஒன்று மைனஸ், இன்னொன்று 'முதல்–வரை' என்பதற்கான கோடு. அச்சில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. முதல் கோடு மைனஸ் என்று விளக்கினேன். உடனே பக்கத்தில் இருந்தவர், "மைனஸ்னா மிச்சமா?" என்று கேட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

தப்பு. அந்த மைனஸ், மிச்சத்துக்கு நேர் எதிரானது. பரிசோதனைக்குப் பணமும் கூடுதலாகச் செலவாகி, ஆட்களின் உடல்நலமும் முன்னைவிடக் குறைந்த கணக்குகளிலிருந்து வந்தது அது. நல்லவேளையாக அன்று எந்த முடிவும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் இணைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

அது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நீங்கள் இதைக் கணக்கில் தெரிந்து வைத்திருக்கிறீர்கள், எழுத்தில் மறந்துவிடுகிறீர்கள்.

1000 சர்க்கரை நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். பரிசோதனைத் திட்டம் வந்தால் அவர்களுக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 18 லட்சம் ரூபாய் கூடுதலாகச் செலவாகும். அதில் 10 லட்சம் கேமராவுக்கும் ஆளுக்கும். மீதி 8 லட்சம், கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு லேசர், ஊசி என்று செய்யும் சிகிச்சைக்கு. இது சராசரி. பலன் 15 நலவாண்டு. குவாலி என்று நீங்கள் எழுதுவதை நான் நலவாண்டு என்கிறேன். முழு நலத்தோடு வாழும் ஒரு வருடத்துக்குச் சமமான அளவு. 18-ஐ 15-ஆல் வகுத்தால் ஒரு நலவாண்டுக்கு 1.2 லட்சம். இதுதான் ஐசர் என்னும் விகிதம்.

15 நலவாண்டை 1000 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஐந்தரை நாள் வரும். ஒரு குறிப்பில் அப்படியே எழுதியும் இருக்கிறேன். படித்தவர் சிரித்தார். "அஞ்சு நாளைக்கு இவ்வளவு செலவா?" என்றார். யாருக்கும் ஐந்தரை நாள் கிடைப்பதில்லை என்பதுதான் உண்மை. பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே மாறாது. சிலருக்குப் பார்வை தப்பிக்கும். பார்வை போனால் ஒருவரின் வாழ்க்கைத் தரம் கால் பங்கு குறைகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து வருடம் பார்வையைக் காப்பாற்றுவது இரண்டரை நலவாண்டு. வருங்காலப் பலனின் மதிப்பைக் குறைத்துக் கணக்கிடும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுகிறேன். அப்போது 15 நலவாண்டு என்பது 1000 பேரில் ஆறு பேர் பத்து வருடம் கண் தெரிந்து வாழ்வது. 'ஐந்தரை நாள்', 'ஆறு பேர்' இரண்டும் ஒரே கணக்குதான். கேட்பவர் மனதில் விழும் இடம் மட்டும் வேறு.

சரி, இப்போது நிச்சயமின்மைக்கு வருவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சிகிச்சை எத்தனை பேருக்குப் பலிக்கும், கேமராவுக்கு எவ்வளவு ஆகும், பார்வை போனால் எவ்வளவு இழப்பு, எதுவும் துல்லியமாகத் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு வைத்து, அதற்குள் சீட்டுக் குலுக்குவது போல ஒரு மதிப்பை எடுத்து, முழுக் கணக்கையும் போடுகிறீர்கள். அப்படி 1000 தடவை. எங்கள் எடுத்துக்காட்டில் இரு முனையிலும் 25 கணக்குகளை நீக்கினால் கூடுதல் செலவு ஏறக்குறைய 8 லட்சம் முதல் 28 லட்சம் வரை வருகிறது. அதேபோல் கூடுதல் நலவாண்டு மைனஸ் 2 முதல் 32 வரை வருகிறது. 1000 கணக்குகளிலும் செலவு கூடுகிறது. சுமார் 40 கணக்குகளில் மட்டும் பலன் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது.

இந்த 1000 கணக்குகளுக்கும் தனித்தனியாக விகிதம் கண்டு, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழே 25, மேலே 25 நீக்கினால் அந்த 95% இடைவெளி வரும். அடுக்கும்போது எது கீழே போகிறது என்று பாருங்கள். பலன் மைனஸாக இருக்கும் அந்த 40 கணக்குகளும் மைனஸ் விகிதம் தருவதால் வரிசையின் அடிமட்டத்துக்குப் போய்விடுகின்றன. 'குறைந்த செலவு' என்று நாம் படிக்கும் பக்கத்துக்கு! அங்கிருந்து 25-ஆவதை எடுத்தால் மைனஸ் 5.3 லட்சம் போல ஏதோ ஒன்று கிடைக்கிறது. அதாவது பட்டியலிலேயே மோசமான கணக்குகள், ஆகச் சிறந்தவற்றின் வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. இதே மைனஸ் வேறொரு கட்டுரையில், செலவு குறைந்து பலன் கூடியதாலும் வரலாம். அது உண்மையான மிச்சம். விகிதத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு கூத்தும் உண்டு. பலன் பூஜ்யத்துக்கு மிக அருகில் வரும் கணக்குகளில் விகிதம் கோடிக்கணக்கில் பாயும், இரண்டு திசையிலும். 1000 விகிதங்களின் சராசரி எடுத்தால் அர்த்தமே இல்லாத எண் கிடைக்கும். நீங்கள் அப்படி எடுப்பதில்லை. சராசரிச் செலவைச் சராசரிப் பலனால் வகுக்கிறீர்கள். அது சரி. அப்புறம் ஏன் இடைவெளியை மட்டும் விகிதத்தின் மேலேயே ஏற்றி வைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

விகிதத்துக்கு இடைவெளி போடாதீர்கள். குறைந்தது, இப்படி ஒரு கணக்குகூடப் பூஜ்யத்தைத் தாண்டிப் போயிருந்தால் போடாதீர்கள். செலவுக்குத் தனி இடைவெளி, பலனுக்குத் தனி இடைவெளி கொடுங்கள். மைனஸைச் சொல்லாகவே எழுதுங்கள், 'முதல்', 'வரை' என்பதையும் சொல்லாகவே எழுதுங்கள். இந்த இரண்டு இடைவெளியும் உங்கள் இணைப்புக் கோப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. எங்கள் கண்ணில் படும் இடத்தில்தான் இல்லை.

ஒரே எண்ணாகவே வேண்டும் என்றால் நிகரப் பலன் இருக்கிறது. ஒரு நலவாண்டுக்கு அரசு 2 லட்சம் வரை கொடுக்கத் தயார் என்று வைத்துக்கொண்டால், 15 நலவாண்டின் மதிப்பு 30 லட்சம். அதில் 18 லட்சம் செலவைக் கழித்தால் 12 லட்சம் நிகரம். இடைவெளி ஏறக்குறைய மைனஸ் 23 லட்சம் முதல் பிளஸ் 47 லட்சம் வரை. இங்கே மைனஸுக்கு ஒரே அர்த்தம்தான், அந்த விலைக்குத் திட்டம் கட்டுப்படியாகவில்லை என்று. அந்த அம்மாவுக்கு இதைக் காட்டியிருந்தால் பென்சிலை எடுத்திருக்கவே மாட்டார்.

அந்த 2 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிடும் ஒன்றிய அரசின் அமைப்பான HTAIn, நாட்டின் தலைக்கான உள்நாட்டு உற்பத்தியை ஒப்பிடும் அளவாக வைத்துக்கொள்கிறது. அது இப்போது இரண்டு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். நான் முழு எண்ணாக எடுத்துக்கொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் அந்த உற்பத்தியின் ஒரு மடங்கு, மூன்று மடங்கு என்று எல்லை வைக்கும்படி நீண்ட காலம் ஒரு வழக்கம் இருந்தது. அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே பிறகு எழுதினார்கள். ஆகவே இந்த எல்லை இயற்கை விதி அல்ல, ஒரு தேர்வு. அதை மாற்றினால் என்ன ஆகும் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். எங்கள் எடுத்துக்காட்டில் 1 லட்சம் என்று வைத்தால் 100-க்கு 38 கணக்குகளில்தான் திட்டம் கட்டுப்படியாகிறது. 2 லட்சத்துக்கு 75. 3 லட்சத்துக்கு 85. எவ்வளவு ஏற்றினாலும் 96-ஐத் தாண்டாது, ஏனென்றால் அந்த 40 கணக்குகளில் பலனே இல்லை. எந்த விலை கொடுத்தாலும் இல்லாத பலன் வராது. நீங்கள் ஒரு வளைகோடாகப் போடும் படத்தில் இருப்பது இவ்வளவுதான். படத்தைக் கீழே வையுங்கள், இந்த மூன்று எண்களை மேலே கொண்டு வாருங்கள்.

75 என்ற எண்ணை மூன்று விதமாகத் தப்பாகப் புரிந்துகொண்டதை நானே பார்த்திருக்கிறேன். நூற்றுக்கு எழுபத்தைந்து நோயாளிக்குக் குணமாகும் என்றார் ஒருவர். செலவில் 75 சதவீதம் மிச்சம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், 75 பாஸ் மார்க்குக்கு மேலே, அப்புறம் என்ன என்றார். அவர் சொன்னதற்கு என்னிடம் இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. மீதி 25 தப்பாகப் போனால் எவ்வளவு இழப்பு என்பது 75-இல் இல்லை, நிகரப் பலனின் கீழ் முனையில்தான் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்கிறேன்.

ஒரு தமிழ்ச் சிக்கலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காஸ்ட் எஃபெக்டிவ் என்பதைச் சிலர் 'செலவு குறைந்த' என்றும், சிலர் 'சிக்கனமான' என்றும் எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். சிக்கனம் என்று படித்தவர் அடுத்த வருட ஒதுக்கீடு குறையும் என்று எதிர்பார்க்கிறார். எங்கள் எடுத்துக்காட்டிலோ ஒரு லட்சம் பேருக்கு இந்தத் திட்டத்தை விரித்தால் கூடுதலாக 18 கோடி வேண்டும். அதுவும் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து. கேமரா வாங்கும் முதல் வருடத்தில் பங்கு அதிகம். 'கொடுக்கும் விலைக்குத் தகும்' என்று எழுதினால் கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடம். சீட்டுக் குலுக்கியது நீங்கள் வைத்த வீச்சுக்குள்தான். வீச்சே குறுகலாக இருந்தால் 75 என்பது வெறும் தெம்புதான். இந்தக் கணக்கில், பரிசோதனையில் கோளாறு தெரிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்களில் 100-க்கு 60 பேர் போய்ச் சேருவார்கள் என்று வைத்திருந்தது. குலுக்கலுக்குக் கொடுத்த வீச்சு 55 முதல் 65 வரை. அட்டவணையில் மூலம் என்ற பத்தியைப் பார்த்தேன். போக்குவரத்துச் செலவு கொடுத்து, போனில் இரண்டு தடவை ஞாபகப்படுத்திய ஒரு ஆய்விலிருந்து எடுத்தது.

கிராமத்துப் பெரியவர் ஒருவர் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1819-இலிருந்து இருக்கிற மருத்துவமனை, பெயர் தெரியாதவர் இல்லை. ஆனால் கண் இன்னும் நன்றாகத் தெரிகிறவர் அவர். வலியும் இல்லை. ஒரு நாள் கூலி போகும், கூட வர மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை மங்கலாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு சொல்லியிருப்பார். 60 பேர் போவார்களா?

30 பேர்தான் போகிறார்கள் என்று வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டேன். பலன் பாதியாகிறது, 15 நலவாண்டு ஏழரை ஆகிறது. செலவு பாதியாவதில்லை, ஏனென்றால் கேமராவுக்கும் ஆளுக்கும் போன 10 லட்சம் அப்படியே நிற்கிறது. சிகிச்சைச் செலவு மட்டும் 8-இலிருந்து 4 ஆகிறது. மொத்தம் 14 லட்சம், ஒரு நலவாண்டுக்கு சுமார் 1.87 லட்சம். இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டே போனால் 27 பேரில் 2 லட்ச எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்குக் கீழே போனால் திட்டம் விலைக்குத் தகாது. கால்குலேட்டரில் பத்து நிமிட வேலை இது. ஆனால் 'கோளாறு தெரிந்த 100 பேரில் 27 பேருக்கு மேல் சிகிச்சைக்குப் போனால்தான் இந்தத் திட்டம் தகும்' என்ற வாக்கியம் 95% இடைவெளியைவிட அந்த மேசையில் அதிகம் பேசும். ஏனென்றால் அதை அவர்களே சரிபார்க்கலாம். அனுப்பியவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று இரண்டு பதிவேட்டை ஒப்பிட்டால் போதும்.

குலுக்கலுக்குள் வரவே வராதவையும் உண்டு. நலவாண்டை அளக்கப் பெரும்பாலும் ஐந்து கேள்விகள் கொண்ட ஈ.க்யூ.5டி படிவத்தைப் பயன்படுத்துகிறீர்கள். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, கவலை. இந்தியர்களுக்கான மதிப்பெண் அட்டவணை 2022-இல் வெளிவந்திருப்பது நல்லது. ஆனால் அந்த ஐந்தில் கண் பற்றி ஒரு கேள்வியும் இல்லை! பார்வை பாதி போனவர் 'நடக்க முடிகிறது, வலி இல்லை' என்று டிக் செய்துவிட்டுப் போகலாம். அப்போது பார்வையைக் காப்பாற்றுவதன் பலன் கணக்கில் குறைவாகவே விழும். இந்தத் தடவை பிழை திட்டத்துக்கு எதிராக. 1000 தடவை குலுக்கினாலும், ஒரு லட்சம் தடவை குலுக்கினாலும் இது வெளியே தெரியாது. எந்தப் பக்கம் சாய்கிறது என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.

பொருளாதார மதிப்பீட்டுக் கட்டுரைகளுக்கான சியர்ஸ் 2022 பட்டியலில் 28 அம்சங்கள் இருக்கின்றன. நிச்சயமின்மையைச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. பெரும்பாலான கட்டுரைகளில் அதற்கு எதிரே பக்க எண் போட்டு டிக் அடித்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அந்த இரண்டு கோடு போட்ட இடைவெளிதான் நிற்கிறது.

சுருக்கத்தில் நான் எதிர்பார்ப்பது கீழே உள்ளது போன்ற ஒரு பத்தி. நீங்கள் எழுதாவிட்டால் நான்தான் எழுதப் போகிறேன். ஆனால் நான் எழுதினால் தப்பு நடக்கும் என்பதை மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

"1000 சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்தால் ஆயுள் முழுவதற்கும் 18 லட்சம் ரூபாய் கூடுதலாகச் செலவாகும், 8 லட்சம் முதல் 28 லட்சம் வரை ஆகலாம். ஏறக்குறைய ஆறு பேர் பத்து வருடம் கூடுதலாகக் கண் தெரிந்து வாழ்வதற்குச் சமமான பலன் கிடைக்கும். பலனே இல்லாமலும் போகலாம், பதின்மூன்று பேர் அளவுக்கும் போகலாம். ஒரு நலவாண்டுக்கு 2 லட்சம் கொடுக்கலாம் என்றால், நாங்கள் போட்ட 100 கணக்குகளில் 75-இல் இந்தச் செலவு தகும். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்களில் 100-க்கு 27 பேருக்குக் குறைவாகப் போனால் தகாது. இது அந்த 75-இல் சேரவில்லை."

இதில் ஐசர் என்ற சொல்லே இல்லை. 1.2 லட்சமும் இல்லை. அது வேண்டுமென்றால் அட்டவணையில் இருக்கட்டும்.

அடுத்த கட்டுரையின் வரைவை அனுப்பும்போது அந்த 1000 வரி எக்ஸெல் தாளையும் கூடவே அனுப்புங்கள். செலவுக்கு ஒரு பத்தி, பலனுக்கு ஒரு பத்தி, அவ்வளவு போதும். பலன் பத்தியை அடுக்கி, எத்தனை மைனஸ் இருக்கிறது என்று முதலில் எண்ணிவிட்டுத்தான் குறிப்பு எழுத உட்காருவேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்டுரைகளைத் தமிழில் சுருக்கும் ஒருவன்
சென்னை